ஆஃபர் அக்செப்ட் பண்ணியாச்சு, திங்கள்கிழமை ஜாயினிங். இப்போ இன்னொரு ஆஃபர் வந்திருக்கு, எப்படி விலகுறது?

ஓஎம்ஆர்_சிவா | செவ்வாய் இரவு

வணக்கம் நண்பர்களே. நான் ஜாவா பேக்எண்ட், ஆறு வருஷ அனுபவம். இப்போ இருக்குற இடத்துல அறுபது நாள் நோட்டீஸ், வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கள்கிழமை சென்னையிலேயே இன்னொரு கம்பெனியில சேரணும். அந்த ஆஃபரை ரெண்டு மாசம் முன்னாடியே போர்ட்டல்ல அக்செப்ட் பண்ணிட்டேன். பின்னணிச் சரிபார்ப்பு, அதான் பிஜிவி, முடிஞ்சிருச்சு, லேப்டாப் கூட கூரியர்ல வீட்டுக்கு வந்தாச்சு. பெட்டியை இன்னும் பிரிக்கலை.

நேத்து சாயங்காலம் பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனி லெட்டர் அனுப்பியிருக்காங்க. நோட்டீஸ் போட்ட புதுசுல இன்டர்வியூ கொடுத்தது, பதிலே வராததால விட்டுட்டேன். சென்னை 16 லட்சம், பெங்களூர் 21 லட்சம். பெங்களூர்ல புதுசா கட்டுற பேமென்ட் சிஸ்டம். சென்னையில, போன வாரம் மேனேஜர் பேசும்போதுதான் முதல் ஒரு வருஷம் பழைய அப்ளிகேஷன் சப்போர்ட், சுழற்சி முறையில நைட் ஷிஃப்ட்னு சொன்னார். இன்டர்வியூவுல இதை யாரும் சொல்லலை.

ரெண்டு பயம் இருக்கு. சென்னை ஆஃபர் லெட்டர்ல, ஏற்றுக்கொண்ட பிறகு சேராவிட்டால் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கட்டணும்னு ஒரு வரி இருக்கு. என் பேசிக் 50,000. அடுத்தது, இந்த வேலைக்கு என்னை ரெஃபர் பண்ணது காலேஜ் நண்பன், அங்கேதான் வேலை பார்க்குறான். என்ன செய்யலாம்? யாராவது இதைச் செஞ்சிருந்தா சொல்லுங்க.

மடிப்பாக்கம்_மணி | செவ்வாய் இரவு

பயப்படவே வேண்டாம் பிரதர். ஆஃபர் லெட்டர்ங்கிறது வெறும் பேப்பர். ஜாயின் பண்ணி அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கையில வாங்கினாத்தான் நீங்க எம்ப்ளாயி. அதுவும் நீங்க பேனா பிடிச்சுக் கையெழுத்துப் போடலை, ஒரு பட்டனை அமுக்குனீங்க, அவ்ளோதான். எந்தக் கம்பெனியும் இதுக்கு கோர்ட்டுக்குப் போகாது. திங்கள்கிழமை போகாதீங்க, போன் வந்தா எடுக்காதீங்க. ரெண்டு வாரத்துல அவங்களே விட்டுடுவாங்க. எங்க டீம்ல மூணு பேர் இப்படித்தான் வந்தாங்க.

தல்லாகுளம்_வக்கீல் | செவ்வாய் இரவு

மணி சொல்வதில் பாதி சரி. கம்பெனிகள் இதற்காக வழக்குப் போடுவது அபூர்வம் என்பது உண்மை. ஆனால் "வெறும் பேப்பர்" என்பதை நம்பி சிவா முடிவெடுக்கக் கூடாது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுத்த வாய்ப்பை நீங்கள் ஏற்ற செய்தி அவருக்குத் தெரியவரும்வரைதான் அந்த ஏற்பைத் திரும்பப் பெற முடியும். சிவா ரெண்டு மாதம் முன்பே அக்செப்ட் செய்து, எச்ஆர் பார்த்து, லேப்டாப்பும் அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் உண்டாகிவிட்டது. பட்டனை அமுக்கினாலும் அதே கதைதான். மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தால் அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆகவே "ஆஃபரை வாபஸ் வாங்குகிறேன்" என்று நாம் பேசினாலும், சட்டத்தின் கண்ணில் இது ஒப்பந்தத்தை மீறுவது.

மீறினால் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. உங்களை இழுத்துவந்து வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒருவரின் சொந்தத் திறமையை நம்பிய ஒப்பந்தத்தை அப்படி அமல்படுத்த முடியாது என்று குறித்தவகை நிவாரணச் சட்டம் 14ஆம் பிரிவு சொல்கிறது. மிஞ்சுவது நஷ்டஈடு. ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவின்படி, மீறலால் நேரடியாக வந்த நஷ்டத்தைத்தான் கேட்கலாம். அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது, சிவாவுக்கு அதுதான் முக்கியம்: அந்தச் சிரமத்தைச் சரிக்கட்ட எதிர்த்தரப்புக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் இப்போதே எழுத்தில் சொன்னால், அடுத்த ஆளைக் கூப்பிட அவர்களுக்கு வழி இருந்தது என்று ஆகிறது. போனை எடுக்காமல் திங்கள்கிழமை காணாமல் போனால் அந்த வாதம் உங்கள் கையைவிட்டுப் போகிறது.

50,000 ரூபாய் வரியைப் பற்றி: அந்த வாசகத்தை அப்படியே இங்கே எழுதுங்கள். உங்கள் பெயர், கம்பெனி பெயர் வேண்டாம்.

பேங்க்_பாலா | புதன் காலை

வக்கீல் சார், சுப்ரீம் கோர்ட் 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல, மூணு வருஷத்துக்குள்ள விட்டா கட்டணும்ங்கிற ரெண்டு லட்சம் பாண்டு செல்லும்னு சொல்லிட்டாங்களே. அப்போ இந்த 50,000மும் கட்டித்தானே ஆகணும்? எங்க சங்கத்துல இதைப் பத்தி நிறையப் பேச்சு ஓடுச்சு.

தல்லாகுளம்_வக்கீல் | புதன் காலை

பாலா, அந்தத் தீர்ப்பு உண்மை. ஆனால் அந்த அதிகாரி 2007இல் அந்தப் பதவியில் சேர்ந்து, மூன்று வருடம் முடியும் முன் 2009இல் ராஜினாமா செய்தவர். பொதுத்துறை வங்கி, ஒவ்வொரு இடத்தையும் வெளிப்படையான தேர்வு நடத்தித்தான் நிரப்ப வேண்டும், அந்தச் செலவையும் நேரத்தையும் பார்த்து அந்தத் தொகை மிகையில்லை என்றது நீதிமன்றம். தனியார் கம்பெனியில் இன்னும் ஒரு நாள்கூட வேலை செய்யாதவருக்கு அதை அப்படியே ஒட்டவைக்க முடியாது. அதேசமயம், வேலை ஒப்பந்தத்தில் பணம் கட்டச் சொல்லும் வரி என்றாலே செல்லாது என்று இனி யாரும் சொல்லவும் முடியாது. இரண்டையும் மனதில் வைக்க வேண்டும்.

எச்ஆர்_கவிதா | புதன் காலை

நான் டேலன்ட் அக்விசிஷன்ல பல வருஷமா இருக்கேன். எங்க பக்கத்துல என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

ஆஃபர் அக்செப்ட் பண்ணவங்க வராம போறது எங்களுக்குப் புதுசு இல்ல. தொண்ணூறு நாள் நோட்டீஸ் காத்திருந்து கடைசி வாரத்துல "வேற ஆஃபர் வந்துடுச்சு"ன்னு கேக்குறது மாசாமாசம் நடக்குது. ஆனா சிஸ்டத்துல எங்களுக்கு ரெண்டு வேற வேற குறிப்பு இருக்கு. முன்கூட்டியே சொல்லி விலகுனவர் ஒண்ணு, நோ ஷோ இன்னொண்ணு. முன்னாடி சொன்னவர் ரெண்டு வருஷம் கழிச்சு அப்ளை பண்ணா, ஹையரிங் மேனேஜர் கேப்பார், ஒரு பேச்சோட முடியும். நோ ஷோ போட்டவர் பேரு வந்தா பல இடத்துல ரெக்ரூட்டரே தட்டிவிட்டுடுவாங்க, மேல போகவே போகாது. எல்லாக் கம்பெனியும் சேர்ந்து பாக்குற மாதிரி ஒரு கறுப்புப் பட்டியல் இதுக்குன்னு நான் பார்த்ததில்ல. ஆனா ரெக்ரூட்டர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுறாங்க, கன்சல்டன்சிகள் ஒரே டேட்டாபேஸை பத்துக் கம்பெனிக்கு வெச்சுப் பாக்குறாங்க. பேரு அங்கதான் சுத்தும்.

சிவா, உங்களுக்கு என்னோட முதல் கேள்வி: பெங்களூர் லெட்டர் எந்த நிலைமையில இருக்கு? ஆஃபர் லெட்டரா, இல்ல "இன்டென்ட்"னு ஒரு மெயிலா? கையெழுத்து இருக்கா? கம்பெனி டொமைன்ல இருந்து வந்துதா? ஜாயினிங் தேதி, இடம் போட்டிருக்கா? அவங்க பிஜிவி ஜாயினிங்குக்கு முன்னாடியா பின்னாடியா? இதெல்லாம் தெரியாம சென்னைக்கு மெயில் போடாதீங்க. வெள்ளிக்கிழமையோட பழைய வேலையும் போயிடுது, பெங்களூர்ல ஹையரிங் ஃப்ரீஸ்னு ஒரு வார்த்தை வந்தா மூணு பக்கமும் காலி.

ஈரோடு_தினேஷ் | புதன் மதியம்

எனக்கும் இதேதான் நடந்துச்சு. 2022ல கேம்பஸ்ல செலக்ட் ஆகி லெட்டர் கொடுத்துட்டு, ஜாயினிங் தேதியைத் தள்ளிக்கிட்டே போனாங்க. கடைசியில ஒரு டெஸ்ட் வெச்சு ஃபெயில்னு சொல்லிக் கேன்சல் பண்ணிட்டாங்க. வேற எங்கேயும் போகாம அதையே நம்பி உக்காந்திருந்தேன். நான் அவங்க மேல கேஸ் போட முடியுமா?

எச்ஆர்_கவிதா | புதன் மதியம்

தினேஷ், உங்களோடது கம்பெனி விலகுன கேஸ், சிவா கேக்குறது கேண்டிடேட் விலகுறது. உங்களுக்கு நடந்தது கஷ்டமான விஷயம், தனி இழையா போடுங்க, நானும் வந்து எழுதுறேன்.

மடிப்பாக்கம்_மணி | புதன் மதியம்

தினேஷ் சொல்றதைப் பாருங்க மேடம். அவங்க ஒரு மெயில்ல கேன்சல் பண்ணலாம், நாம மட்டும் பயந்து பயந்து மெயில் எழுதணுமா? ஒரு வருஷம் ஒரு பையன் வீட்டுல உக்காந்திருக்கான், அவனுக்கு யார் பேசிக் சம்பளம் கட்டுனாங்க?

கணபதி_பட்டறை | புதன் மாலை

மணி தம்பி, எல்லாரும் பெரிய கம்பெனி இல்லை. நான் கோயம்புத்தூரில் பம்ப் கன்ட்ரோல் பேனல் செய்கிறேன், மொத்தம் இருபது பேர் வேலை பார்க்கிறோம். போன வருடம் ஒரு டிசைன் இன்ஜினீயரை எடுத்தேன். அவர் சரி என்றதும், இரண்டாவதாக வைத்திருந்த பையனிடம் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் ஓசூருக்குப் போய்விட்டான். சேர வேண்டிய நாளன்று இவர் வரவில்லை. காலை பத்து மணிக்கு போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அவருக்காக வாங்கிய ஆர்டரின் டிராயிங்கை நானே ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். சம்பளம் கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போவது தப்பில்லை. ஆனால் வார்த்தை கொடுத்த இடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். என்னைக் கேட்டால், ஏற்றுக்கொண்ட பிறகு மாறுவதே தப்பு என்பேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

ஓஎம்ஆர்_சிவா | புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. ஐயா, காணாமப் போற எண்ணம் எனக்கு இல்லை.

கவிதா மேடம், பெங்களூர் லெட்டர் கம்பெனி டொமைன்ல இருந்துதான் வந்தது, டிஜிட்டல் கையெழுத்து இருக்கு, சேர வேண்டிய தேதி இன்னும் மூணு வாரம் கழிச்சு. பிஜிவி ஜாயினிங்குக்கு முன்னாடி முடியணும்னு போட்டிருக்காங்க.

வக்கீல் சார், அந்த வரி ஆங்கிலத்துல இருக்கு, தமிழ்ல சொல்றேன்: "இந்த வாய்ப்பை ஏற்ற பின், குறிப்பிட்ட தேதியில் தக்க காரணமின்றிப் பணியில் சேரத் தவறினால், நிறுவனத்துக்கு ஏற்படும் ஆள்சேர்ப்புச் செலவுகளுக்காக ஒரு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான தொகையைச் செலுத்த ஒப்புக்கொள்கிறீர்கள்." நோட்டீஸ் பீரியட் தனியா இருக்கு, அதுல "பணியில் சேர்ந்த நாள் முதல்"னு ஆரம்பிக்குது.

தல்லாகுளம்_வக்கீல் | புதன் இரவு

நல்லது. நோட்டீஸ் பீரியட் "சேர்ந்த நாள் முதல்" என்றிருப்பதால், சேராதவரிடம் நோட்டீஸ் சம்பளம் கேட்க முடியாது. அந்தக் கவலையை விடுங்கள்.

50,000 விஷயம் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுக்குள் வரும். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதியிருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. நஷ்டமே இல்லாத இடத்தில் அந்தத் தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது என்பதை 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. உங்கள் வாசகம் "ஆள்சேர்ப்புச் செலவுகளுக்காக" என்று தானே காரணம் சொல்கிறது. பிஜிவி ஏஜென்சிக்குக் கொடுத்தது, கூரியர் செலவு, இப்படி அவர்களால் காட்ட முடியும். நீங்கள் நண்பர் ரெஃபரலில் வந்ததால் கன்சல்டன்சி கமிஷன் கிடையாது. ரெஃபரல் போனஸும் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த பிறகுதான் கொடுப்பார்கள். ஆக உண்மைச் செலவு 50,000க்கு வெகு கீழே நிற்கும் என்பது என் கணிப்பு.

கேட்டால் என்ன செய்வது? மறுத்துச் சண்டை போடாதீர்கள், "கட்டுகிறேன்" என்றும் எழுதாதீர்கள். செலவின் விவரம் அனுப்புங்கள், பார்க்கிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்குப் பதில் அனுப்பாமல் விடக் கூடாது, அப்போது நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ரம்யா_கணக்கு | புதன் இரவு

எல்லாரும் எப்படி விலகுறதுன்னே பேசுறீங்க. விலகணுமான்னு யாரும் கணக்குப் பார்க்கலை. சிவா, 21 லட்சத்தைப் பிரிச்சுக் காட்டுற அனெக்ஷர் இருக்குமே, அதுல ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, ஜாயினிங் போனஸ் எவ்வளவுன்னு போடுங்க.

ஓஎம்ஆர்_சிவா | புதன் இரவு

சென்னை 16ல ஒரு லட்சம் வேரியபிள், மிச்சம் 15 ஃபிக்ஸட். பெங்களூர் 21ல வேரியபிள் 2.5, ஜாயினிங் போனஸ் 1.5, கிராஜுவிட்டியும் இன்சூரன்ஸும் சேர்த்து அரை லட்சம். மீதி 16.5 ஃபிக்ஸட்.

ரம்யா_கணக்கு | புதன் இரவு

பார்த்தீங்களா. அஞ்சு லட்சம் வித்தியாசம்னு தெரிஞ்சது, மாசாமாசம் வர்ற கணக்குல ஒன்றரை லட்சமாயிடுச்சு. மாசத்துக்கு 12,500. புது வரித் திட்டத்துல ஃபிக்ஸடை மட்டும் பார்த்தா உங்க மேல் அடுக்கு 15 சதவீதம், செஸ் சேர்த்து 15.6. கையில கூட வர்றது சுமார் 10,500. இப்போ நீங்க சென்னையில சொந்த வீடா, வாடகையா? சொந்த வீட்டுல இருந்துட்டு பெங்களூர் போனா வாடகையே அதைத் தின்னுடும்.

ஜாயினிங் போனஸ் முதல் சம்பளத்தோட வரும், ஒரு வருஷத்துக்குள்ள விட்டா திருப்பிக் கட்டணும்னு பெரும்பாலும் இருக்கும், லெட்டர்ல பாருங்க. வரி பிடிச்ச பிறகு கைக்கு வந்ததையா, முழுத் தொகையையா திருப்பிக் கேப்பாங்கன்னும் பாருங்க. வேரியபிள் போன ரெண்டு வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தாங்கன்னு எச்ஆர்கிட்ட நேரா கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல. சென்னையோட வேரியபிள் சின்னது, அதனால அங்க கிடைக்காம போனாலும் பெருசா அடி விழாது.

பணத்துக்காகன்னா போகாதீங்க. வேலைக்காகன்னா அது வேற.

ஓஎம்ஆர்_சிவா | வியாழன் காலை

ரம்யா மேடம், இப்படிப் பிரிச்சுப் பார்க்கவே இல்லை, நன்றி. சென்னையில வாடகைதான், தனி ஆள். பெங்களூர்ல பெல்லந்தூர் பக்கம் நண்பர்கள் ரூம் இருக்கு, வாடகை கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். பணம் ஏறக்குறைய சமம்னே வெச்சுக்கிறேன். எனக்கு சப்போர்ட் வேலைக்குப் போக மனசில்லை. ஒரு வருஷம் டெவலப்மெண்ட் விட்டுப்போனா அடுத்த இன்டர்வியூவுல கேள்வி வரும். அதனால பெங்களூர்தான்.

இன்னொரு யோசனை. சென்னையில திங்கள்கிழமை சேர்ந்துட்டு, பெங்களூர் பிஜிவி முடியற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் சம்பளம் வாங்கிட்டு, அப்புறம் விட்டா என்ன? கையில வேலை இல்லாம இருக்குற பயமும் போயிடும்.

எச்ஆர்_கவிதா | வியாழன் காலை

தயவுசெஞ்சு வேண்டாம். இப்போ நீங்க விலகுனா அது எங்கேயும் உங்க வேலை வரலாறுல வராது. சேர்ந்தீங்கன்னா முதல் மாச பிஎஃப் கட்டும்போதே உங்க பிஎஃப் எண்ணான யூஏஎன்ல சென்னைக் கம்பெனி பேரும் சேர்ந்த தேதியும் ஏறிடும். பெங்களூர் பிஜிவி ஆட்கள் யூஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான் முதல்ல கேப்பாங்க. நீங்க ரெஸ்யூமில போடாத ஒரு கம்பெனி அதுல நிக்கும். அதோட, சேர்ந்தவுடனே நோட்டீஸ் பீரியட் உங்களைக் கட்டுப்படுத்தும். அதைக் கொடுக்காம நின்னுட்டா ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, சொல்லாம ஓடிட்டார், அதாவது அப்ஸ்காண்டிங்னு பதிவாகும். சேராம விலகுறதுக்கும் சேர்ந்துட்டு ஓடுறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வேலை இல்லாம இருக்குற பயம் நியாயமானது. அதுக்கு வழி: இன்னைக்கே பெங்களூர் எச்ஆருக்கு மெயில் போடுங்க. "உங்கள் ஆஃபரை ஏற்கிறேன். என் இன்னொரு ஆஃபரை விட்டு வரப்போகிறேன், அதனால் உங்கள் பக்கம் எல்லா ஒப்புதலும் முடிந்ததா, பிஜிவியை உடனே தொடங்க முடியுமா என்று உறுதி செய்யுங்கள்" அப்படின்னு. போன்ல "எல்லாம் ஓகே"ன்னு சொன்னா போதாது, மெயில்ல வரணும். நல்ல எச்ஆரா இருந்தா அன்னைக்கே பதில் போடுவாங்க. மழுப்பினா அதுவே உங்களுக்குத் தகவல்.

மடிப்பாக்கம்_மணி | வியாழன் காலை

யூஏஎன் விஷயம் நான் யோசிக்கலை, அது சரிதான். ஆனா மெயில்ல எந்தக் கம்பெனின்னு சொல்லாதீங்க பிரதர். சொன்னா அங்க போன் பண்ணிக் கெடுத்துடுவாங்க.

எச்ஆர்_கவிதா | வியாழன் காலை

போன் பண்ணிக் கெடுக்குறதை நான் பார்த்ததில்ல. ஆனா பேரு சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. என்ன ரோல்னு மட்டும் சொன்னா போதும்.

கணபதி_பட்டறை | வியாழன் மதியம்

எனக்கு அது ஒத்துவரவில்லை. விலகுகிறவர் எங்கே போகிறார், எதற்காகப் போகிறார் என்று தெரிந்தால்தான் அடுத்த ஆளுக்கு நான் என்ன சரி செய்ய வேண்டும் என்று புரியும். "சொந்தக் காரணம்" என்று எழுதுகிறார்கள். அதை வைத்து என்ன செய்ய?

எச்ஆர்_கவிதா | வியாழன் மதியம்

ஐயா, காரணம் சொல்லணும்னு நானும்தான் சொல்றேன். சிவாகிட்ட உண்மையான காரணம் இருக்கு: இன்டர்வியூவுல சொன்ன வேலை வேற, இப்போ சொல்ற வேலை வேற. அதைச் சொல்லலாம், குத்திக் காட்டாம. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு பொய் மட்டும் வேண்டாம். அடுத்த மாசம் லிங்க்ட்இன்ல புதுக் கம்பெனி பேரு போட்டதும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

சிவா, முறையைச் சொல்றேன். முதல்ல உங்க நண்பர்கிட்ட நீங்களே பேசுங்க, எச்ஆர் மூலமா அவருக்குத் தெரியக் கூடாது. அப்புறம் ரெக்ரூட்டருக்குப் போன், போனை வெச்ச கையோட மெயில். மெயில் சின்னதா இருக்கட்டும்: ஆஃபர் எண், சேர வேண்டிய தேதி, சேர இயலவில்லை என்ற நேரான வரி, ஒரு வரியில காரணம், சிரமத்துக்கு வருத்தம், லேப்டாப்பை எடுத்துக்க ஏற்பாடு செய்யச் சொல்லி ஒரு வரி. "பரிசீலிக்கிறேன்", "தள்ளிப்போட முடியுமா" மாதிரி எதுவும் வேண்டாம். அந்த மாதிரி எழுதுனா நாங்க அதைப் பேரம்னு எடுத்துக்கிட்டு கவுன்டர் ஆஃபரோட வருவோம்.

லேப்டாப் விஷயத்துல கவனமா இருங்க. இதுலதான் பின்னாடி பிரச்சினை வருது. பெட்டியைப் பிரிக்காதது ரொம்ப நல்லது. சீல் டேப் அப்படியே இருக்குறது தெரியற மாதிரி ஆறு பக்கமும் போட்டோ எடுங்க, ஸ்டிக்கர்ல இருக்குற சீரியல் நம்பர் தெளிவா தெரியணும். அவங்க கூரியரையே அனுப்பச் சொல்லுங்க. எடுத்துட்டுப் போறப்போ ரசீதுல சீரியல் நம்பரையும் எடையையும் எழுதச் சொல்லி வாங்கிக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு ஐடி அசெட் டீம், எச்ஆர்ல பேசுனது எதுவும் தெரியாம, "லேப்டாப் திரும்பலை"ன்னு மெயில் போடும். அன்னைக்கு அந்த ரசீதுதான் பேசும். சம்பள அக்கவுன்ட் திறந்து கொடுத்திருந்தா அதையும் மூடிடுங்க, சம்பளம் வரலைன்னா சாதாரண சேமிப்புக் கணக்கா மாத்தி மினிமம் பேலன்ஸ் பிடிக்க ஆரம்பிப்பாங்க.

சேலம்_நிவேதா | வியாழன் மாலை

எனக்கு ஒரு கேள்வி. நான் இறுதி ஆண்டு, கேம்பஸ்ல ஒரு ஆஃபர் ஏத்துக்கிட்டேன். ஆஃப் கேம்பஸ்ல வேற வந்தா நானும் இப்படி மெயில் போட்டு விலகலாமா?

எச்ஆர்_கவிதா | வியாழன் மாலை

நிவேதா, உங்களுக்கு இடையில காலேஜ் பிளேஸ்மென்ட் செல் இருக்கு, அதனால இது அப்படியே பொருந்தாது. ஒரு ஆஃபர் வாங்குனா அடுத்ததுக்கு உக்காரக் கூடாதுன்னு சில காலேஜ்ல எழுதியே வாங்கியிருப்பாங்க. மெயிலை கம்பெனிக்கு முன்னாடி பிளேஸ்மென்ட் ஆபீசர்கிட்ட காட்டுங்க. அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் உங்க காலேஜுக்கு வர்றதை அவர்தான் பாத்துக்கணும்.

ஓஎம்ஆர்_சிவா | வெள்ளி இரவு

அப்டேட். பெங்களூர் எச்ஆர் நேத்தே பதில் போட்டாங்க, ஒப்புதல் எல்லாம் முடிஞ்சது, பிஜிவி லிங்க் அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நண்பன்கிட்ட பேசினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், "முன்னாடியே சொல்லியிருந்தா மேனேஜர்கிட்ட நான் பேசியிருப்பேன்டா"ன்னான். இன்னும் முழுசா சமாதானம் ஆகலை.

இன்னைக்குக் காலையில சென்னை ரெக்ரூட்டருக்குப் போன் பண்ணேன். அவங்க கோபப்படலை. ஆனா அரை மணி நேரத்துல டெலிவரி ஹெட் கூப்பிட்டு, சப்போர்ட்டை ஆறு மாசமாக் குறைக்கிறேன், ஒரு லட்சம் ஏத்தித் தர்றேன்னார். வேண்டாம்னு சொல்லிட்டு மெயில் அனுப்பிட்டேன். மதியம் பதில் வந்தது: விலகலைப் பதிவு செய்துகொண்டோம், லேப்டாப் எடுக்க திங்கள்கிழமை ஆள் வருவார், 50,000 தொடர்பாக "ஃபைனான்ஸ் குழு தனியாகத் தொடர்பு கொள்ளும்."

இந்தக் கடைசி வரிக்கு இப்போ ஏதாவது பதில் போடணுமா சார்?

தல்லாகுளம்_வக்கீல் | வெள்ளி இரவு

இப்போது வேண்டாம். அவர்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் போட வேண்டாம். விலகலைப் பதிவு செய்தோம் என்ற அந்த மெயிலைப் பிடிஎஃப் எடுத்து, ஆஃபர் லெட்டர், அனெக்ஷரோடு சொந்த மெயிலில் சேமியுங்கள். போர்ட்டல் லாகின் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். டெலிவரி ஹெட் சப்போர்ட் காலத்தைக் குறைப்பதாகப் பேசினாரே, அது போனிலா, எழுத்திலா?

ஓஎம்ஆர்_சிவா | வெள்ளி இரவு

போன்லதான் சார்.

தல்லாகுளம்_வக்கீல் | வெள்ளி இரவு

தேதி, நேரம், அவர் சொன்னது இவற்றைக் குறித்து வையுங்கள். இன்டர்வியூவில் சொல்லாத வேலையைப் பிறகு சேர்த்தார்கள் என்பதற்கு அது ஒரு அறிகுறி. உங்கள் ஒப்பந்தத்தில் "தக்க காரணமின்றி" என்று இருக்கிறதல்லவா, ஃபைனான்ஸ் மெயில் வந்தால் அந்த இடத்தில்தான் பேச வேண்டியிருக்கும். அது தக்க காரணமாக ஏற்கப்படுமா என்பதை அந்த ஜாப் டிஸ்கிரிப்ஷனைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. முதலில் உங்களுக்கு அனுப்பிய ஜாப் டிஸ்கிரிப்ஷன் கையில் இருக்கிறதா?

ஓஎம்ஆர்_சிவா | வெள்ளி இரவு

நண்பன் அனுப்புன வாட்ஸ்அப்ல இருக்கணும். தேடிப் பார்த்துட்டுப் போடுறேன் சார்.